ஒரு மனிதர், ஒரு கோரிக்கை: தங்கவயலில் ஒரு நன்கொடைக் காணொளியை எழுதுவது

கோலார் தங்கவயலைப் பற்றி எடுக்கப்படும் காணொளிகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி தொடங்குகின்றன. ட்ரோன் கேமரா சயனைடு மேட்டின் மேல் எழும்புகிறது. துருப்பிடித்த ஷாஃப்ட் கோபுரம் வருகிறது, பின்னால் வயலின் இசை. பிறகு, 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததும், நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கம் எடுக்கப்பட்டதும், 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டதும் சொல்லப்படும். அத்தனையும் உண்மைதான். ஆனால் இரண்டு நிமிடப் படத்தில் நாற்பது விநாடி அதிலேயே போய்விடுகிறது. உதவி தேவைப்படும் மனிதர் திரைக்கு வருவதற்குள் பார்ப்பவரின் கட்டைவிரல் அடுத்த படத்துக்கு நகர்ந்திருக்கும்.

தொண்டு நிறுவனங்களுக்குச் சொல்லித்தரப்படும் பாடம் இதற்கு நேர் எதிரானது. ஊரைக் காட்டாதே, ஒருவரைக் காட்டு. பத்து விஷயம் கேட்காதே, ஒன்றைக் கேள். இந்தப் பாடம் எவ்வளவு தூரம் சரி, தங்கவயல் போன்ற ஊரில் எங்கே முட்டிக்கொள்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நிறுவனம் ஒன்று, நோய் ஒன்று, மூடல் ஒன்று என்று எல்லோருக்கும் ஒன்றாகவே நடந்த ஊர் இது. அங்கே ஒருவரைத் தனியே பிரித்துக் காட்டுவது சின்ன விஷயமல்ல.

ஒருவர் கதை என்ற பாடத்துக்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படுவது 2007-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு. ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் என்ற மூவர் செய்தது. பங்கேற்றவர்கள் கையில் ஐந்து டாலர் இருந்தது. ஒரு குழுவிடம் மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழைச் சிறுமியின் படத்தையும் கதையையும் கொடுத்தார்கள். இன்னொரு குழுவிடம் ஆப்பிரிக்கப் பஞ்சத்தின் புள்ளிவிவரங்களைக் கொடுத்தார்கள். சிறுமிக்குச் சராசரியாக 2.38 டாலர் வந்தது, புள்ளிவிவரத்துக்கு 1.14. சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்த குழு 1.43 டாலர்தான் கொடுத்தது. எண்ணிக்கையைச் சேர்த்ததுமே இரக்கம் குறைந்துவிட்டது என்பதுதான் பயிலரங்குகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் பகுதி.

அதற்குப் பிறகு வந்தவற்றை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. லீ, ஃபீலி என்ற இருவர் 2016-இல் நாற்பதுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஒருவர் கதையின் கூடுதல் பலன் இருக்கத்தான் செய்தது, ஆனால் மிகச் சிறியது. அண்மையில் பெரிய எண்ணிக்கையில் ஆட்களை வைத்து ரோக்கியா சோதனையையே திரும்பச் செய்தவர்களுக்கு அந்த வித்தியாசம் கிடைக்கவே இல்லை. 2016 தொகுப்பில் நமக்கு வேண்டிய இன்னொரு செய்தியும் இருக்கிறது. பலன் ஓரளவு தெளிவாகத் தெரிந்த இடங்களில் காட்டப்பட்டவர் ஒரு குழந்தை, ஏழை, புகைப்படத்தோடு வந்தவர், தன் நிலைக்குத் தான் பொறுப்பல்லாதவர்.

இதைத் தங்கவயலுக்குக் கொண்டுவந்தால் சிக்கல் புரியும். சுரங்கம் மூடி இருபத்தைந்து ஆண்டு ஆகிறது. அடியில் வேலை செய்தவர்களில் இன்று இருப்பவர்கள் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். அவர்கள் குழந்தைகள் அல்ல, கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் முகமும் அவர்களிடம் இல்லை. அதனால்தான் படம் எடுக்க வருகிறவர்களின் கேமரா தானாகவே வீட்டுப் பேத்தியைத் தேடுகிறது. நோய் தாத்தாவுக்கு, படம் பேத்திக்கு என்று முடியும் காணொளிகள் இப்படித்தான் உருவாகின்றன. பணம் வரலாம். ஆனால் அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் என்னவாக அறியப்படுவாள் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது.

ஆகவே ஆளைத் தேடும் முன் கோரிக்கையை முடிவு செய்வதே சரி என்பது என் கருத்து. வழக்கத்தில் இது தலைகீழாக நடக்கிறது. நெஞ்சை உருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, படம் எடுத்து, கடைசி ஐந்து விநாடிக்கு 'உங்களால் இயன்ற உதவி' என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். இயன்றது என்ன, எதற்கு, எவ்வளவில் அது முடியும் என்பது பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. எடுத்தவருக்கும் தெரிவதில்லை.

ஒரு கோரிக்கையை எடுத்து உள்ளே போய்ப் பார்ப்போம். தங்கவயலின் நோய் சிலிகோசிஸ். தங்கம் இருந்தது குவார்ட்ஸ் பாறையில். துளையிடும்போது பறந்த நுண்துகள் நுரையீரலில் தங்கித் தழும்பாகிறது. வேலையை விட்ட பின்னும் நோய் வளரும், குணப்படுத்த மருந்து இல்லை. 1940-களில் அங்கேயே நடந்த பரிசோதனையில், பார்க்கப்பட்ட ஏழாயிரத்துச் சொச்சம் தொழிலாளர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் அது இருந்தது. பிற்கட்டத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிவிடும். ஓய்வாக இருக்கும்போதே விரல்நுனிக் கருவியில் 88-ஐத் தாண்டாமல் நிற்பவருக்கு, நாளில் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் வீட்டிலேயே ஆக்சிஜன் கொடுக்கச் சொல்வது மருத்துவ வழக்கம்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் கோரிக்கை ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர். ஐந்து லிட்டர் இயந்திரம் ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய். திரையில் பளிச்சென்று தெரியும் பொருள், கொடுத்தவர் பெயரை ஒட்டலாம், ஒப்படைக்கும்போது படம் எடுக்கலாம். அதனாலேயே அதற்குக் கொடையாளர் கிடைப்பது கடினமல்ல. 2021 கொரோனா அலையின்போது இந்தியா முழுக்க இவை ஏராளமாக வாங்கப்பட்டன. அவற்றில் பல இன்று துணி போட்டு மூடி வைக்கப்பட்டிருக்கின்றன.

கிடைக்காதது மின்சாரத்துக்கான பணம். ஐந்து லிட்டர் இயந்திரம் சுமார் 350 வாட் இழுக்கும். பதினாறு மணி நேரம் ஓடினால் நாளுக்கு ஐந்தரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், மாதம் 168 யூனிட். விளக்கும் மின்விசிறியும் டிவியும் உள்ள ஒரு லைன் வீட்டில் மாதம் நாற்பது யூனிட் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 208. கர்நாடகத்தில் 2023 ஆகஸ்ட் முதல் நடப்பில் உள்ள கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரை இலவசம் என்று வெளியே பேசப்படுகிறது. உண்மையில், இப்படிக் குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு அதன் முந்தைய சராசரியும் அதன்மேல் பத்து யூனிட்டும்தான் இலவசம். இந்த வீட்டுக்கு அது 50 யூனிட். 200-ஐத் தாண்டினால் அதுவும் கிடையாது, முழு பில்லையும் கட்ட வேண்டும். இயந்திரம் வந்ததற்காக, அதுவரை ஒரு பைசா கட்டாத வீட்டுக்கு நிலைக் கட்டணமும் வரியும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒட்டி பில் வரும்.

அப்போது வீட்டில் நடப்பதை ஊகிப்பது எளிது. மருமகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறாள். அவள் போனதும் பெரியவரே எழுந்து இயந்திரத்தை அணைத்துவிடுகிறார். சாயங்காலம் அவள் வரும் நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறார். பன்னிரண்டு மணி நேரம், பத்து மணி நேரம், எட்டு என்று குறைகிறது. இயந்திரம் கொடுத்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் 'ஒரு பயனாளி' என்று பதிவாகியிருக்கும். அவர் உண்மையில் எவ்வளவு நேரம் ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறார் என்று அறிய ஒரு வழி உண்டு. இந்த இயந்திரங்களின் முகப்பில் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் இருக்கும். மாதம் ஒருமுறை அந்த எண்ணைக் குறித்துவந்தால் போதும், பில்லுக்குப் பயந்து அணைத்து வைப்பது தெரிந்துவிடும்.

எனவே இந்தக் காணொளியின் ஒரே கோரிக்கை, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்: ஒரு மாத கரண்ட் பில். பன்னிரண்டு பேர் கொடுத்தால் ஓர் ஆண்டு முடிந்தது. கேட்பதற்குச் சப்பென்று இருக்கிறது என்று நிறுவனத்தின் பொருளாளர் சொல்வார். இருக்கட்டும். கொடுப்பவர் தன் பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறிவது அந்தச் சப்பில்தான். இன்வர்ட்டரையும் சேர்த்துக் கேட்கலாமே என்ற யோசனை நிச்சயம் வரும். தேவையும் நியாயமானது, மின்வெட்டில் 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். ஆனால் அதை வேறு கொடையாளரிடம் தனியே கேட்பது நல்லது. காணொளிக்குள் இரண்டாவது கோரிக்கை நுழைந்தவுடன் பார்ப்பவர் தேர்வு செய்ய வேண்டியவராகிறார், தேர்வைத் தள்ளிப்போட்டு அப்படியே மறந்துவிடுகிறார்.

கோரிக்கை முடிவானதும் ஆள் யார் என்பது தானாகத் தெரியும்: மருத்துவர் சீட்டு இருப்பவர், இயந்திரம் ஏற்கெனவே வீட்டில் இருப்பவர், மீட்டர் எண் குறைவாக இருப்பவர். உருக்கமாகப் பேசுகிறவராக இருக்க வேண்டியதில்லை. கீழே உள்ள எழுத்துப் பிரதி எடுத்துக்காட்டுக்காக நான் எழுதியது. அதில் வரும் பெரியவரும் கற்பனையே. நிமிடத்துக்கு நூறு தமிழ்ச் சொற்களுக்கு மேல் பேசினால் கேட்பவர் பின்தங்குவார். மூச்சு வாங்குகிறவர் அதில் பாதியைத்தான் பேசுவார். ஆக, ஒன்றரை நிமிடத்துக்கு அதிகபட்சம் எழுபது, எண்பது சொல்.

முதல் பத்து விநாடி, வீட்டுக்குள். இயந்திரத்தின் ஓசை மட்டும். குழாய் தரையில் கிடந்து கட்டில் வரை போகிறது.

பெரியவர்: "மைன்ஸ்ல மிஷின் ஓட்டினேன். பாறையில துளை போடுற மிஷின். கேஜ்ல இறங்கினா, அடுத்த ஷிஃப்ட் வந்தாத்தான் மேல."

சுவரில் அவர் இளமைப் படம், தலையில் ஹெல்மெட்.

பெரியவர்: "அப்போ அந்த மிஷின் சத்தம். இப்போ இந்த மிஷின் சத்தம்."

மருமகள், அடுப்பங்கரையில்: "டாக்டர் பதினாறு மணி நேரம் போடச் சொன்னாரு. நான் ரயிலுக்குப் போனதும் மாமா அணைச்சிடுறாரு. கேட்டா, பில் யாரு கட்டுறதும்மாங்கிறாரு."

கை சுவிட்சை அணைக்கிறது. ஓசை நிற்கிறது. மூன்று விநாடி.

குரல்: "இவருடைய ஒரு மாத கரண்ட் பில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். ஒரு மாதத்தை நீங்கள் கட்டுங்கள்."

திரையில் கட்டணக் குறியீடு. அதன் கீழே சிறிய எழுத்தில்: பன்னிரண்டு மாதம் நிறைந்த பின் வரும் தொகை, இதே நோயுள்ள மற்ற வீடுகளின் பில்லுக்குச் செல்லும்.

சயனைடு மேடு எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனிக்கலாம். 'உயிர் காக்கும் இயந்திரம்' என்ற சொல்லும் இல்லை. நெடுநேர ஆக்சிஜன் ஆயுளை நீட்டும் என்பதற்கான பழைய நல்ல ஆதாரம் புகையால் வரும் நுரையீரல் அடைப்பு நோயாளிகளிடம் கிடைத்தது, சிலிகோசிஸுக்கு அதை அப்படியே நீட்டிச் சொல்ல முடியாது. கட்டிலிலிருந்து குளியலறை வரை நிற்காமல் போகலாம், இரவில் கொஞ்சம் தூங்கலாம் என்பது வரைதான் நேர்மையாகச் சொல்லலாம்.

படப்பிடிப்பில் வரும் தவறுகளில் மோசமானது, அந்த அணைக்கும் காட்சியை உண்மையாகவே எடுப்பது. சுவிட்சை அணைத்துவிட்டு அவர் முகம் மாறும்வரை கேமரா காத்திருந்தால் அது படமல்ல, துன்புறுத்தல். கையும் சுவிட்சும் மட்டும் வேறு நேரத்தில், அவர் குழாயில் இல்லாதபோது எடுக்கப்பட வேண்டும். நிசப்தம் எடிட்டிங்கில் வருவது. இருமலை 'இன்னொருமுறை' என்று கேட்பதும் அதே வகை. இன்னொரு அபாயம் யாருக்கும் தோன்றாதது. லைன் வீடுகள் ஓர் அறையும் ஒட்டிய அடுப்பங்கரையுமாக இருக்கும். ஆக்சிஜன் குழாய்க்கு இரண்டு மீட்டருக்குள் நெருப்பு கூடாது. மருமகள் அடுப்பெரிக்கும் காட்சி அழகாக வருகிறதென்று பெரியவரையும் அதே சட்டகத்துக்குள் உட்காரவைத்தால், அது படம் எடுப்பவர்களே ஏற்படுத்தும் விபத்து.

சம்மதம் இரண்டு முறை வாங்கப்பட வேண்டும். எடுக்கும் முன் ஒருமுறை, வெட்டி முடித்த படத்தை அவருக்கே போட்டுக் காட்டிய பின் மறுமுறை. எடுக்கும்போது 'ஆகட்டும்பா' என்றவர், முடிந்த படத்தில் மருமகளின் பேச்சைக் கேட்டதும் முகம் சுளிக்கக்கூடும். 'பில் கட்ட வக்கில்லாத வீடு' என்று சம்பந்தி வீட்டில் பேசுவார்களே என்பது அவர் கவலை. படம் வாட்ஸாப்பில் ஆண்டர்சன்பேட்டை வரை போகத்தான் செய்யும். அப்போது அந்த வரி வெட்டப்பட வேண்டும், படம் பலவீனமானாலும். விளம்பரத் தரக் கண்காணிப்பு அமைப்பான ஆஸ்கி 2023-இல் தொண்டு விளம்பரங்களுக்கு வெளியிட்ட நெறிகளும் இந்தத் திசையில்தான் இருக்கின்றன: கொடுக்காதவர் வெட்கப்பட வேண்டும் என்று உணர்த்தக்கூடாது, துன்பத்தில் கிடப்பவரைக் கண்ணியம் குலையக் காட்டக்கூடாது. ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் எத்தியோப்பியப் பஞ்சப் படங்களின் அனுபவத்துக்குப் பிறகு 1989-லேயே இப்படியொரு நெறியை எழுதிக்கொண்டன. எழுதிய பிறகும் ஈ மொய்க்கும் குழந்தைகள் திரையை விட்டுப் போய்விடவில்லை.

பணம் வந்த பிறகுதான் பல நிறுவனங்களுக்கு உண்மையான தலைவலி. 2021-இல் தமிழ்நாட்டில் முதுகுத்தண்டுத் தசைச்சிதைவு நோயுள்ள ஒரு பெண் குழந்தையின் ஊசிக்காகப் பதினாறு கோடி ரூபாய் பொதுமக்களிடம் திரண்டது. ஒரே குழந்தை, ஒரே ஊசி, ஒரே தொகை. கோரிக்கை முழுமையாக முடிந்தது. அப்படிச் சரியாக முடியும் கோரிக்கைகள் அபூர்வம். ஒருவருக்கென்று கேட்டுப் பன்னிரண்டு மாதத்துக்குப் பதில் நாற்பது மாதப் பணம் வந்தால், அல்லது நான்காம் மாதமே அவர் இறந்துவிட்டால், மீதம் யாருடையது? கடைசிச் சட்டகத்தில் உள்ள அந்தச் சிறு எழுத்து அதற்காகத்தான். குரலிலும் அதைச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது. நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுப்பதற்குத்தான் உண்டு, ஒரு தனி மனிதருக்குக் கொடுப்பதற்கு இல்லை. ஆகவே 'இவருக்குக் கொடுங்கள்' என்று சொல்லி ரசீதை அறக்கட்டளை பெயரில் தருவது குழப்பம் உண்டாக்கும். 'இவருடைய பில்லைக் கட்டும் அறக்கட்டளைக்கு' என்பதுதான் சரியான வாசகம். தங்கவயலை விட்டு வெளிநாடு போன பிள்ளைகள் பழைய பாசத்தில் முதலில் கொடுப்பார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் பணம் பிரச்சினை இல்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டவரின் பணம், அவர் தமிழரே ஆனாலும், வெளிநாட்டு நிதிச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத நிறுவனம் தொடக்கூடாதது.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஒரு நெருடல் மிஞ்சுகிறது. அந்தப் பெரியவரின் நுரையீரலில் இருக்கும் தூசி அவர் வேலை செய்த இடத்தில் சேர்ந்தது. கொடையாளர் கட்டும் பில் முறைப்படி யார் தலையில் விழ வேண்டியது என்று தங்கவயலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூடலுக்குப் பின் நிலுவைக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறியவர்கள் அவர்கள். காணொளி எவ்வளவு நன்றாக ஓடுகிறதோ அவ்வளவுக்கு அந்தக் கேள்வி பார்ப்பவர் கண்ணில் படாமல் போகிறது.

இதே ஊரிலிருந்து புறப்பட்ட இன்னொரு படத்தொகுப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெஜவாடா வில்சன் 1966-இல் தங்கவயலில், கையால் மலம் அள்ளும் வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். கம்பெனிக் குடியிருப்புகளின் உலர் கழிப்பறைகளை அவர் படம் பிடித்து நிர்வாகத்துக்கும் அரசுக்கும் அனுப்பினார். பதில் இல்லாதபோது அவை பத்திரிகைக்குப் போயின, நாடாளுமன்றம் வரை பேச்சானது, நிர்வாகம் அந்தக் கழிப்பறைகளைத் தண்ணீர்க் கழிப்பறைகளாக மாற்ற வேண்டியதாயிற்று. அவர் பணம் கேட்கவில்லை. அள்ளியவரின் கதையை முன்வைத்து இரக்கத்தையும் கேட்கவில்லை. படத்தில் இருந்தது கழிப்பறை, கோரிக்கை அதை இடிப்பது, கேட்கப்பட்டது அதற்குப் பொறுப்பானவரிடம். 2016-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தபோது அவருடைய போராட்டம் நாடு முழுக்க விரிந்திருந்தது.

அதுவும் ஒற்றைக் கோரிக்கைதான். ஆனால் முகவரி வேறு. கரண்ட் பில்லைப் பெங்களூரில் கைபேசியில் படம் பார்க்கும் ஒருவர் இன்று ராத்திரியே கட்டிவிட முடியும். இழப்பீட்டையும் முன்னாள் தொழிலாளர்களுக்கான முறையான நுரையீரல் பரிசோதனையையும் அவரால் கொடுக்க முடியாது. அவற்றை அவரிடம் கேட்டால் கோரிக்கை நிறைவேறாது, அவர் மனம் மட்டும் சற்று இளகிவிட்டு அடங்கும். ஆகவே தங்கவயலில் வேலை செய்யும் அறக்கட்டளைக்கு இரண்டு பிரதிகள் வேண்டும். ஒன்று பெரியவரின் முகத்தோடு, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டு, கொடையாளருக்கு. மற்றது யார் முகமும் இல்லாமல், எக்ஸ்ரே படங்களும் வேலைப் பதிவேடுகளும் மணி மீட்டர் எண்களும் மட்டுமாக, தொழிலாளர் துறைக்கும் சுரங்க அமைச்சகத்துக்கும். இரண்டாவதற்கு யாரும் இசை போடமாட்டார்கள். முதலாவதில் வந்த ரசீதுகளின் நகல்களை அதில் இணைக்கலாம்: இந்த ஊரில் ஒருவர் மூச்சுவிட மாதம் இவ்வளவு செலவாகிறது, அதை இப்போது இன்னார் கட்டுகிறார்கள் என்பதற்குச் சான்றாக.